கனத்த கான்கிரீட்டுக்கு எதற்குப் போர்வை?

துபாயில் புர்ஜ் கலீஃபாவின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பு, பொறியாளர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3.7 மீட்டர் கொண்ட கான்கிரீட் கட்டிகளைச் சோதனைக்காக வார்த்தார்கள். ஒரு வீட்டின் ஒரு தளத்தை விட உயரமான கட்டிகள் அவை. கான்கிரீட்டின் வலிமையை மட்டும் பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய கட்டி வேண்டியதில்லை. எல்லா சைட்டிலும் வார்க்கிற 15 சென்டிமீட்டர் கியூபே போதும். கலவை கம்பிகளுக்கிடையே சரியாகப் போய் உட்காருகிறதா என்பதும், இறுகும்போது கட்டிக்குள் சூடு எந்த அளவுக்கு ஏறுகிறது என்பதும்தான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதற்காகக் கட்டிக்குள்ளேயே தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப உணரிகளைப் புதைத்து வைத்தார்கள். கோபுரத்தைத் தாங்கப்போகும் ராஃப்ட் அடித்தளத்தின் கனமும் அதே 3.7 மீட்டர்தான்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து புதிய படிகங்களாக மாறுவதால்தான் அது இறுகுகிறது. இதை நீரேற்றம் என்கிறோம். இந்த வினை நடக்கும்போது வெப்பம் வெளியாகும். 53 கிரேடு சாதாரண சிமென்ட் ஒரு கிலோ, முதல் சில நாட்களில் ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 400 கிலோ சிமென்ட் இருந்தால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாதபோது, கான்கிரீட்டின் சூட்டை ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் உயர்த்திவிடும். 30 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் கனம் கொண்ட ஒரு ராஃப்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,500 கன மீட்டர். ஒரே வாரத்தில் அதற்குள் பிறக்கும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 50,000 யூனிட்.

வீட்டு மொட்டைமாடிக்குத் தளம் போடும்போது இந்தச் சூட்டை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனத்தில், பிறக்கிற சூடு பிறந்த வேகத்திலேயே மேலும் கீழும் வெளியேறிவிடுகிறது. கனம் கூடும்போதுதான் நிலைமை மாறுகிறது. கான்கிரீட்டுக்குள் வெப்பம் மிக மெதுவாகத்தான் நகரும். கனம் இரண்டு மடங்கானால் சூடு ஆற ஆகும் காலம் நான்கு மடங்காகும். கனம் பத்து மடங்கானால் நூறு மடங்கு. 20 சென்டிமீட்டர் தளம் சில மணி நேரத்தில் ஆறிவிடும் என்றால், 2 மீட்டர் ராஃப்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதன் அடிப்பக்கம் மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே சூடு இறங்குவது இன்னும் மந்தம். அதனால் பெரும்பகுதி வெப்பம் மேற்பரப்பு வழியாகத்தான் போயாக வேண்டும்.

அணை கட்டியவர்கள் இதை முன்பே பட்டுணர்ந்தார்கள். அமெரிக்காவின் ஹூவர் அணை அடியில் 200 மீட்டர் கனம். அதை ஒரே பாளமாக வார்த்துத் தானாக ஆறட்டும் என்று விட்டிருந்தால், முழுதும் ஆற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். 1933 முதல் 1935 வரை நடந்த அந்த வேலையில், அணையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஐந்தடி உயரம் மட்டும் போட்டார்கள். உள்ளே ஒரு அங்குல எஃகுக் குழாய்களைப் பதித்து, முதலில் ஆற்று நீரையும் பிறகு குளிரூட்டிய நீரையும் ஓடவிட்டுச் சூட்டை வெளியே எடுத்தார்கள். கட்டட ராஃப்டில் கம்பி நெருக்கமாக இருக்கும், நாளும் குறைவாகக் கிடைக்கும். அதனால் குழாய் பதிப்பது அரிது. வேறு வழிகள்தான் அதிகம் கைகொடுக்கின்றன.

சூடு ஏறுவதே விரிசல் போடுவதில்லை. ராஃப்ட் முழுக்க ஒரே சீராக 60 டிகிரிக்கு ஏறி, ஒரே சீராக இறங்கினால், தடையின்றி விரிந்து சுருங்க வழியும் இருந்தால், ஒரு விரிசலும் வராது. கேடு செய்வது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உள்ள வித்தியாசம். நடுப்பகுதி சூடாகி விரிகிறது. மேற்பரப்பு காற்றுபட்டு ஆறி, சுருங்கப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உடலாக ஒட்டியிருப்பதால், விரியும் நடுப்பகுதி மேல்தோலைப் பிடித்து இழுக்கிறது. நசுக்கினால் நன்றாகத் தாங்கும் கான்கிரீட், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. போட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் இன்னும் குறைவு.

இந்த இழுப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊர்க் கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட், ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விரியும். நடுவுக்கும் மேல்தோலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர். அது அத்தனையும் இழுப்பாக மாறுவதில்லை. ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நகர்ந்து சமாளித்துக்கொள்கின்றன. இளம் கான்கிரீட் மெல்ல நெகிழ்ந்தும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. இதெல்லாம் போக மிஞ்சும் இழுப்பு மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே நிற்கும். இளம் கான்கிரீட் கிழியாமல் தாங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுதான். 20 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று பல ஒப்பந்த ஆவணங்களில் எழுதியிருப்பதன் அடிப்படை இதுதான். கம்பியில்லாத பெரிய கான்கிரீட் வேலைகளில் ஐரோப்பாவில் கிடைத்த பழைய அனுபவத்திலிருந்து வந்த எண் அது. அதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக நான் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல் ஜல்லி குறைவாக விரியும், அங்கே இன்னும் சில டிகிரி அனுமதிக்கலாம். குவார்ட்ஸ் மிகுந்த கூழாங்கல் ஜல்லி அதிகம் விரியும், அங்கே 20 டிகிரியே அதிகம்.

இன்னொரு எல்லையும் உண்டு. நடுப்பகுதி எந்த நேரத்திலும் 70 டிகிரியைத் தாண்டக்கூடாது. இது விரிசலுக்காகப் போட்ட எல்லை இல்லை. சிமென்ட் இறுகும் முதல் மணி நேரங்களில் எட்ரிங்கைட் என்ற ஊசிபோன்ற படிகம் உருவாகும். கான்கிரீட் இளகியிருக்கும்போது அது உருவாவதால் தொல்லையில்லை. 70 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் படிகம் நிலைக்காமல், அதன் கூறுகள் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து ஈரம் கிடைக்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட கான்கிரீட்டுக்குள் அது மறுபடி வளரத் தொடங்கி, உள்ளிருந்தே உப்பிப் பிளக்கிறது. நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கும் ராஃப்டுக்கு ஈரத்துக்குப் பஞ்சமே இருக்காது. அப்படி ஒன்று தொடங்கிவிட்டால், மேலே கட்டடம் நிற்கும் நிலையில் அதை நிறுத்துவதற்கு நல்ல வழி எதுவும் இல்லை.

ஆக இரண்டு வேலை: உச்ச சூட்டைக் குறைக்க வேண்டும், உள்-வெளி வித்தியாசத்தை அடக்க வேண்டும். முதலாவது கலவையிலேயே தொடங்குகிறது.

நம் 2 மீட்டர் ராஃப்டுக்கே திரும்புவோம். சென்னையில் மே மாதம். வண்டியிலிருந்து இறங்கும் கான்கிரீட் 35 டிகிரி. 400 கிலோவும் 53 கிரேடு சிமென்ட் என்றால் 35-உடன் 50 சேர்ந்து 85-ஐ எட்டும். கொஞ்சம் சூடு மேலே தப்பினாலும் 80-க்குக் கீழே வராது. இந்தக் கலவையை எந்தப் போர்வையாலும் காப்பாற்ற முடியாது. அந்த 400 கிலோவில் 40 சதவீதத்தை, அதாவது 160 கிலோவை, அனல்மின் நிலையத்து ஃபிளை ஆஷாக மாற்றினால் கதை மாறுகிறது. ஃபிளை ஆஷும் வினைபுரியும், ஆனால் சாவகாசமாக. முதல் நாட்களில் அது தரும் வெப்பம் அதே எடை சிமென்ட் தருவதில் பாதிக்கும் குறைவு. சூடு ஏற்றம் 50-லிருந்து 38 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. இரும்பு உலைக் கசடை அரைத்துச் செய்யும் ஜி.ஜி.பி.எஸ். பொடியை 50 முதல் 70 சதவீதம் வரை சேர்ப்பதும் உண்டு. புர்ஜ் கலீஃபா ராஃப்டிலும் இதே வழிதான்: 50 எம்.பி.ஏ. வலிமைக் கலவையில் 40 சதவீதம் ஃபிளை ஆஷ், தண்ணீர் விகிதம் 0.34.

இப்படி மாற்றும்போது 28-ஆம் நாள் கியூப் வலிமை குறைவாக வரும். பயந்துபோய் சிமென்டைக் கூட்டிவிடுவது பல சைட்டுகளில் நடப்பதுதான். அப்படிச் செய்தால் குறைத்த சூடு அத்தனையும் திரும்பி வந்துவிடும். 28-ஆம் நாளுக்குப் பதில் 56-ஆம் நாளிலோ 90-ஆம் நாளிலோ வலிமையைப் பார்ப்போம் என்று வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் முறை. ராஃப்டின் மேல் கட்டடம் ஒரே நாளில் வந்து உட்காரப்போவதில்லை. மாடி மாடியாக எடை ஏறி, முழுப் பாரம் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஃபிளை ஆஷ் தன் வேலையை முடித்திருக்கும்.

அடுத்தது, கான்கிரீட்டையே குளிரவைத்து இறக்குவது. இறங்கும்போது 10 டிகிரி குறைந்தால், உச்சமும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். ஜல்லிக் குவியலுக்கு நிழல் போட்டு, மேலே நீர் தெளித்து வைத்தால் சில டிகிரி கிடைக்கும். பெரிய பலன் ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது மட்டுமே 335 கிலோஜூலை விழுங்குகிறது. வெறும் குளிர்ந்த நீரால் அந்த அளவுக்கு வெப்பத்தை உறிஞ்ச முடியாது. ஒரு கன மீட்டருக்குப் போக வேண்டிய நீரில் சுமார் 50 கிலோவை ஐஸ் செதில்களாகப் போட்டால், 35 டிகிரிக் கலவை 25-க்கு வந்துவிடும். செதில்கள் கலக்கும்போதே முழுவதும் உருகிவிட வேண்டும். கட்டியாகத் தங்கினால், பிறகு உருகி, அந்த இடத்தில் ஓட்டை விட்டுவிடும். வழியில் டிரம் சூடாகி இரண்டு மூன்று டிகிரி திரும்ப ஏறும் என்பதால், வண்டி சைட்டுக்கு வந்ததும் வெப்பமானியைச் செருகிப் பார்க்காமல் பம்புக்கு விடக்கூடாது.

இந்த இரண்டும் சேர்ந்தால் நம் கணக்கு இப்படி ஆகும்: இறங்கும்போது 27 டிகிரி, ஏற்றம் 38, அதில் தப்பிப்போவது போக நடுவில் உச்சம் 63 டிகிரியை ஒட்டி, இரண்டரை நாள் வாக்கில். 70-க்குக் கீழே வந்துவிட்டோம்.

போடும் நாளைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் போதும். 1,500 கன மீட்டர் என்றால் 6 கன மீட்டர் லாரியில் 250 நடை. மாலையில் தொடங்கி இரவு முழுக்கப் போட்டால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடியும். 30 முதல் 50 சென்டிமீட்டர் அடுக்குகளாக, கீழடுக்கு இறுகுமுன் மேலடுக்கு அதன்மேல் வர வேண்டும். அதற்காக இறுகலைத் தள்ளிப்போடும் ரிடார்டர் மருந்து சேர்ப்பார்கள். புர்ஜ் கலீஃபாவில் மொத்தம் 12,500 கன மீட்டரையும் ஒரே தடவையில் போடவில்லை. மூன்று இறக்கைகள், நடுப்பகுதி என நான்கு தடவையாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 24 மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு திசையிலும் பத்தாவது கம்பியை விட்டுவிட்டு, ஆள் இறங்கவும் குழாய் இறக்கவும் 60 சென்டிமீட்டர் சதுர வழிகள் வைத்திருந்தார்கள்.

இனி வருவதுதான் பழகிய கைக்கு எதிரான பகுதி. கான்கிரீட் போட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நல்ல வழக்கம். சூடாக இருக்கிறதே, இன்னும் ஊற்றினால் நல்லதுதானே என்று மனம் சொல்லும். நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் மூன்றாம் நாள் விடிகாலை. போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிக் கையை வைத்த மேஸ்திரி, போர்வெல் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார்.

“சார், கையே வைக்க முடியல. தண்ணி அடிச்சு ஆத்திடுறேன்.”

“வேண்டாம் மேஸ்திரி, நிறுத்துங்க. உள்ள 64 காட்டுது, மேல 46. இப்பவே பதினெட்டு. மேல நீங்க ஆத்துனா உள்ள ஆறாது, வித்தியாசம்தான் கூடும்.”

“அப்ப சூடாவே இருக்கட்டுங்கிறீங்களா?”

“மேலயும் சூடாவே இருக்கட்டும். அந்த மூலையை மூடுங்க.”

சூடேறிய லாந்தர் கண்ணாடியில் நீர் தெளித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும். 2 மீட்டர் கனத்தின் நடுவில் இருக்கும் சூட்டை, மேலே ஊற்றும் தண்ணீர் அன்றைக்குத் தொடக்கூட முடியாது. மேல்தோலை மட்டும் ஆற்றி, அதைக் கிழியும் நிலைக்குத் தள்ளும். அதனால் கனத்த ராஃப்டில் மேற்பரப்பை ஆற்றக்கூடாது. போர்த்தி, சூடாகவே வைத்திருக்க வேண்டும். மேல்தளத்தைத் தேய்த்து முடித்ததும் முதலில் பாலிதீன் தாள். ஈரம் உள்ளேயே நிற்பதால் கியூரிங்கும் அதிலேயே நடக்கிறது. அதன்மேல் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல். அது காற்றில் பறக்காமலிருக்க மேலே சாக்கும் இன்னொரு தாளும் போட்டு எடை வைப்பார்கள். ஓரங்களில் இரண்டு பக்கமாகச் சூடு இறங்குவதால் அங்கே இரட்டைப் போர்வை வேண்டும். இரும்பு ஷட்டர் காற்றுபட்டால் வேகமாக ஆறும். அதன் வெளிப்பக்கத்திலும் தெர்மோகோல் ஒட்ட வேண்டும். தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் தாளைக் கிழித்துச் செருகும்போது சந்து விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

நம் கணக்கு ராஃப்டில் போர்வை இல்லாவிட்டால், இரவுக் காற்றில் மேல்தோல் 38 டிகிரிக்கு இறங்கும். நடுவில் 63, வித்தியாசம் 25. போர்வையோடு மேல்தோல் 48-இல் நிற்கும், வித்தியாசம் 15.

இது எதுவும் ஊகத்தில் நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் தெர்மோகப்பிள். ராஃப்டின் நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம், கனம் கூடும் லிஃப்ட் குழிப் பக்கம் ஓரிடம் என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று உணரிகள் கட்டுவார்கள்: மேலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே ஒன்று, நட்டநடுவில் ஒன்று, அடியில் ஒன்று. கம்பியைத் தொட்டால் அளவு பிசகும். அதனால் ஒரு சிறு கட்டையை இடையில் வைத்துக் கட்டுவது வழக்கம். வெளிக்காற்றுக்கும் ஒரு உணரி. முதல் வாரம் மணிக்கொரு முறை குறிப்பு. வித்தியாசம் 20-ஐத் தொடும்வரை காத்திருக்கக்கூடாது. 15, 16 வந்ததுமே இன்னொரு அடுக்குப் போர்த்த ஆள் தயாராக இருக்க வேண்டும்.

விரிசல் வந்துவிட்டால் அது எந்த வகை என்று நேரத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். போட்ட சில மணி நேரத்தில், கான்கிரீட் இளகியிருக்கும்போதே வரும் மேலோட்டமான சாய்கோடுகள், வெயிலிலும் காற்றிலும் ஈரம் ஓடியதால் வந்தவை. கம்பியின் மேலேயே அதன் நீளத்துக்கு வருபவை, கலவை கீழே அமுங்கியதால் வந்தவை. வெப்ப விரிசல் இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும். போர்வையை எடுத்த மறுநாள் காலையில் வலைபோலவோ, ஓரத்திலிருந்து உள்நோக்கியோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதிலும் கொஞ்சம் ஆறுதல் உண்டு: மேல்தோலில் வந்த பல விரிசல்கள், உள்பகுதி ஆறிச் சுருங்கும்போது தாமாகவே நெருங்கி மூடிக்கொள்ளும். வாரக்கணக்கில் கழித்து, முழுக் கனத்தையும் அறுத்துக்கொண்டு வருவது வேறு. ராஃப்ட் மொத்தமாக ஆறிச் சுருங்கும்போது, பாறையோ ஏற்கெனவே இறுகிய பக்கத்துப் பாளமோ பிடித்துக்கொண்டால் அது வரும். போர்வை அதைத் தடுக்காது. உச்ச சூட்டைக் குறைப்பதுதான் தடுக்கும். கம்பியும் விரிசலைத் தடுப்பதில்லை, ஒரு பெரிய விரிசலைப் பல மயிரிழைகளாகப் பிரித்துவிடுகிறது. நிலத்தடி நீர் ஊடுருவாமல் இருக்க அந்தப் பிரிப்பு மிகவும் தேவை.

போர்வையை எப்போது எடுப்பது என்பதில்தான் சைட்டில் கடைசிச் சண்டை நடக்கும். ஏழு நாள் ஆயிற்று, தூண் வேலை தொடங்க வேண்டும், எடுங்கள் என்பார்கள். நாள் கணக்கு இங்கே உதவாது. நடுப்பகுதியின் சூட்டிலிருந்து வெளிக்காற்றின் மிகக் குறைந்த சூட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். இரவில் 27 டிகிரி என்றால், நடுப்பகுதி 47-க்குக் கீழே இறங்கும்வரை போர்வை இருக்க வேண்டும். 2 மீட்டர் ராஃப்டில் அதற்குப் பத்து நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அவசரம் என்றால் தூண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் பகலில் திறந்து, கம்பி வேலையை முடித்து, பொழுது சாயுமுன் மறுபடி மூடலாம். மொத்தமாக எடுக்கும் நாளிலும் முதலில் தெர்மோகோலை மட்டும், வெயில் ஏறிய பிறகு, பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். தாளும் சாக்கும் இன்னும் ஓரிரு இரவு கிடக்கட்டும். அந்த இரவுகளிலும் லாகர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திறந்த பிறகு மேல்தோல் சட்டென்று இறங்கி வித்தியாசம் 20-ஐ நெருங்கினால், எடுத்த தெர்மோகோலைத் திரும்ப விரிக்க அது பக்கத்திலேயே அடுக்கியிருக்க வேண்டும்.